அந்தப் பதினேழு பந்துகள்

கூடைப்பந்து அணிகளை நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கும் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம். நான் ஆடுபவனும் இல்லை, கோச்சும் இல்லை. மைதான ஓரத்து மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுபவன். எந்தப் பந்து விழுந்தது, எது விழவில்லை, யார் எங்கிருந்து எறிந்தார் என்பதையெல்லாம் பல வருடங்களாகக் குறித்து வருகிறேன். சீசன் பாதி முடிந்ததும் நீங்கள் கூட்டம் போடுகிறீர்களே, அந்தக் கூட்டத்துக்கு வரும் தாள்கள் என் போன்றவர்கள் எழுதியவைதான். அந்தத் தாள்களை வைத்து நீங்கள் எடுக்கும் முடிவுகளைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். அணி எது, ஆள் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். கதை மாறவில்லை. 16 அணிகள் ஆடும் லீக். ஒவ்வோர் அணியும் மற்ற 15 அணிகளோடு இரண்டு முறை மோதும், ஆக மொத்தம் 30 ஆட்டங்கள். முதல் 15 ஆட்டங்கள் முடிந்தபோது, ஓர் அணிக்கு எதிராக எதிரணிகள் 375 த்ரீ பாயிண்டர் முயன்று 148 போட்டிருந்தன. அதாவது 39.5 சதவீதம். லீக்கின் சராசரி 35. பதினாறு அணிகளில் இதுதான் மோசமான எண். கூட்டத்தில் இந்த எண்ணுக்குச் சிவப்பு வட்டம் போட்டார்கள். டிஃபென்ஸ் கோச்சை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதியவர் வந்தார். அடுத்த 15 ஆட்டங்களில் அதே எண் 34.7 ஆனது. புதியவருக்கு மேடையில் பாராட்டு.

148-லிருந்து தொடங்குவோம். சராசரி அணியாக இருந்திருந்தால் 375-இல் 131 விழுந்திருக்கும். ஆக, கூடுதலாக விழுந்தவை 17 பந்துகள். 15 ஆட்டங்களில் 17. ஆட்டத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தில் பட்டுச் சுழன்று வெளியே போக வேண்டிய ஒரு பந்து உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான். அந்த ஒரு பந்து தடுப்பின் குறையா, வளையத்தின் விளையாட்டா? கூட்டத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கண்டுபிடிக்க வழி இருந்தது, அதுவும் கையில் இருந்த தாள்களை வைத்தே.

வழி இதுதான். ஒரு எண் திறமையைக் காட்டுகிறது என்றால், அது திரும்ப வர வேண்டும். சீசனின் முதல் பாதியில் எந்தெந்த அணிகள் அதில் மேலே இருந்தனவோ, அவை பெரும்பாலும் இரண்டாம் பாதியிலும் மேலே இருக்க வேண்டும். அதிர்ஷ்டம் என்றால் திரும்ப வராது. முதல் பாதியில் முதலிடத்தில் இருந்த அணி அடுத்த பாதியில் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். எனவே 16 அணிகளையும் வரிசையாக எழுதி, பக்கத்தில் முதல் பாதி எண், அதற்குப் பக்கத்தில் இரண்டாம் பாதி எண் போட்டு, இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவைக் கணக்கிட வேண்டும். விரிதாளில் ஒரே வரி:

```
=CORREL(B2:B17,C2:C17)
```

விடை 1-க்கு அருகில் வந்தால் முதல் பாதியை வைத்து இரண்டாம் பாதியைச் சொல்லிவிடலாம். 0-க்கு அருகில் வந்தால் சொல்ல முடியாது.

இதை உங்கள் சந்தேகமான எண்ணில் போட்டுப் பார்க்கும் முன், விடை முன்கூட்டியே தெரிந்த ஓர் எண்ணில் போட்டுப் பாருங்கள். தராசை நம்புவதற்கு முன் எடைக்கல்லை வைத்துப் பார்ப்பது போல. கூடைப்பந்தில் அதற்கென்றே அமைந்தது போல ஓர் எண் இருக்கிறது: எதிரணியின் ஃப்ரீ த்ரோ சதவீதம். ஃப்ரீ த்ரோ எறிபவரை யாரும் தடுக்க முடியாது. கோட்டில் தனியாக நின்று எறிகிறார். உங்கள் அணி வேடிக்கைதான் பார்க்கிறது. ஆனாலும் பாதி சீசன் முடிந்ததும் தாளைப் பாருங்கள், ஓர் அணிக்கு எதிராக 71 சதவீதம் விழுந்திருக்கும், இன்னொன்றுக்கு எதிராக 79. முதல் அணி ஃப்ரீ த்ரோவை நன்றாகத் தடுத்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். (மோசமாக எறிபவராகப் பார்த்து ஃபவுல் செய்யும் தந்திரம் உண்டு, தெரியும். அதன் பங்கு சிறியது.) இந்த எண்ணின் இரு பாதிகளையும் ஒப்பிட்டால் ஒட்டுறவு பூஜ்யத்தைச் சுற்றித்தான் நிற்கும். அதே ஃப்ரீ த்ரோவை எறிபவர் பக்கமிருந்து பாருங்கள். ஓர் ஆட்டக்காரர் முதல் பாதியில் 90 சதவீதம், இன்னொருவர் 55 என்றால், இரண்டாம் பாதியிலும் முன்னவர் பின்னவரைவிட மேலேதான் இருப்பார். விழும் பந்து ஒன்றுதான். எறிபவரின் கணக்கில் எழுதும்போது அது திறமை, எதிரே நிற்பவரின் கணக்கில் எழுதும்போது அதிர்ஷ்டம். ஓர் எண்ணைத் திறமை என்றோ அதிர்ஷ்டம் என்றோ சொல்லும்போது, யாருடைய திறமை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, த்ரீ பாயிண்டருக்கு வருவோம். இங்கே தடுப்பவர் கையை உயர்த்துகிறார், ஓடி வருகிறார், எறிபவரின் கண்ணை மறைக்கிறார். ஆகவே எதிரணியின் த்ரீ பாயிண்ட் சதவீதம் தடுப்பவரின் திறமையாகத்தானே இருக்க வேண்டும்? நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் புள்ளிவிவரங்களை வருடக்கணக்கில் ஆராய்ந்துவரும் கென் பொமராய் இந்த விஷயத்தைத் தோண்டியிருக்கிறார். எதிரணி எறியும் த்ரீ பாயிண்டர்களில் எத்தனை சதவீதம் விழுகிறது என்பதில் தடுக்கும் அணிக்கு மிகக் குறைந்த பிடிதான் இருக்கிறது, எத்தனை எறிகிறார்கள் என்பதில்தான் பிடி அதிகம் என்பது அவர் வாதம்.

ஏன் அப்படி என்பது மேசையிலிருந்து பார்த்தால் புரியும். நல்ல தடுப்பாட்டக்காரர் உரிய நேரத்தில் ஓடி வந்துவிட்டால் எதிரே இருப்பவர் எறிவதே இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போவார், அல்லது பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். அந்த நல்ல வேலை சதவீதத்தில் வராது, ஏனென்றால் அங்கே எறிதலே நடக்கவில்லை. எறிய வசதியாக இருக்கும்போது மட்டுமே எறிகிறார்கள், அதனால் எறியப்பட்ட பந்துகள் எந்த அணிக்கு எதிராக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வசதியில் எறியப்பட்டவை. பந்து கையை விட்டுப் போன பிறகு நடப்பது எறிந்தவருக்கும் வளையத்துக்கும் இடையிலான சமாச்சாரம்.

இதை நம்பச் சொல்லவில்லை, போட்டுப் பாருங்கள். விரிதாளில் B2-இலிருந்து C17 வரை, 16 வரிசை, இரண்டு பத்தி, எல்லாக் கட்டத்திலும் இந்தச் சூத்திரம்:

```
=BINOM.INV(375,0.35,RAND())/375
```

இதன் பொருள்: எல்லா அணியும் தடுப்பில் அச்சு அசலாக ஒன்றே, ஒவ்வொரு த்ரீ பாயிண்டரும் விழும் வாய்ப்பு சரியாக 35 சதவீதம், 375 முறை எறிகிறார்கள். வித்தியாசம் எல்லாம் அதிர்ஷ்டம் மட்டுமே. இப்போது முதல் பத்தியில் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் பாருங்கள். பெரும்பாலும் 0.31-க்கும் 0.39-க்கும் அக்கம்பக்கத்தில் இருக்கும். கணக்கும் அதையே சொல்கிறது. 0.35-ஐ 0.65-ஆல் பெருக்கி, 375-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.025. அதாவது அதிர்ஷ்டத்தால் மட்டும் வரும் திட்ட விலக்கம், எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகி நிற்கும் அளவு, 2.5 சதவீதப் புள்ளி. பதினாறு பேர் உள்ள கூட்டத்தில் கடைசி ஆள் சராசரியிலிருந்து ஒன்றே முக்கால் திட்ட விலக்கம் தள்ளி நிற்பது வாடிக்கை. 35-உடன் அதைக் கூட்டினால் 39.4. உங்கள் கூட்டத்தில் சிவப்பு வட்டம் போட்ட எண் 39.5. பதினாறு அணிகளும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றாக இருந்தாலும் யாரோ ஒருவர் அந்த இடத்தில் நின்றிருப்பார். அந்த முறை அந்தக் கோச் நின்றார்.

தடுப்பில் திறமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அணிக்கு அணி உண்மையான வித்தியாசம் கொஞ்சம் இருக்கட்டும். ஒரு பேச்சுக்கு அதன் திட்ட விலக்கம் 1 சதவீதப் புள்ளி என்று வைப்போம். வர்க்கம் 1. அதிர்ஷ்டத்தின் வர்க்கம் சுமார் 6. மொத்தம் 7. இரு பாதிகளுக்கு இடையே எதிர்பார்க்கக்கூடிய ஒட்டுறவு, மொத்தத்தில் உண்மையின் பங்குதான்: 7-இல் 1, அதாவது 0.14. இந்த எண் இன்னொரு வேலையும் செய்யும். முதல் பாதியில் சராசரியைவிட 4.5 புள்ளி மோசமாக இருந்த அணி, யாரையும் மாற்றாமல் விட்டாலும், அடுத்த பாதியில் 4.5-இல் ஏழில் ஒரு பங்கு மட்டுமே மோசமாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆக, 39.5 தானாகவே 35.6-க்கு அருகில் வந்துவிடும். புதிய கோச் 34.7 கொண்டுவந்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிர்ஷ்டத்தின் இரைச்சலுக்குள் அடங்கிப்போகும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய கோச்சின் காலத்தில் எதிரணிகள் ஆட்டத்துக்கு 25 த்ரீ பாயிண்டர் எறிந்தன. புதியவர் காலத்தில் அது 29 ஆனது. 15 ஆட்டங்களில் 435 முயற்சி, அதில் 34.7 சதவீதம் என்றால் 151. அணி வாங்கிய த்ரீ பாயிண்டர்கள் 148-லிருந்து 151 ஆகக் கூடியிருக்கின்றன! கோச்சின் கைக்குள் இருக்கும் எண் நான்கு ஏறியிருக்கிறது, கைக்குள் இல்லாத எண் இறங்கியிருக்கிறது, பாராட்டு இறங்கியதற்கு. முயற்சி கூடுவது எப்போதும் கெடுதல் என்று இல்லை, உள்ளே வரவிடாமல் வெளியே தள்ளும் உத்தியாகவும் இருக்கலாம். ஆனால் கூட்டத்தில் யாரும் அந்தப் பத்தியைப் பார்க்கவே இல்லை.

இந்தச் சோதனையைச் செய்யும்போது கால் இடறும் இடங்கள் சில உண்டு. நானே இடறியிருக்கிறேன்.

முதலாவது, 16 புள்ளிகள் போதாது. மேலே சொன்ன வெறும் அதிர்ஷ்டத் தாளில் CORREL போட்டுவிட்டு F9 பொத்தானை அமுக்கிக்கொண்டே இருங்கள். ஒருமுறை 0.3 வரும், அடுத்த முறை -0.2, எப்போதாவது 0.5 கூட எட்டிப் பார்க்கும். திறமை துளியும் இல்லாத தாள் அது. ஆகவே ஒரே சீசனில் 0.4 வந்துவிட்டது, பார்த்தீர்களா என்று குதிக்க வேண்டாம். ஐந்து சீசன்களின் ஜோடிகளைச் சேர்த்து 80 புள்ளிகளாக வைத்துப் பார்த்தால் இந்த ஏற்ற இறக்கம் பாதிக்கும் கீழே குறையும். சேர்க்கும்போது ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அந்தந்த சீசன் பாதியின் லீக் சராசரியைக் கழித்துவிடுங்கள். இல்லையென்றால் வருடத்துக்கு வருடம் மாறும் சராசரியே பொய்யான ஒட்டுறவைக் கொடுத்துவிடும்.

இரண்டாவது, ஒட்டுறவு குறைவு என்றால் திறமை இல்லை என்று உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. போதுமான அளவு பார்க்கவில்லை என்றும் இருக்கலாம். நம் உதாரணத்தில் உண்மையும் அதிர்ஷ்டமும் சமமாக வர 2,275 முயற்சிகள் வேண்டும். ஆட்டத்துக்கு 25 என்றால் 91 ஆட்டங்கள், மூன்று முழு சீசன். அதற்குள் அணியில் பாதிப் பேர் மாறியிருப்பார்கள், அது வேறு விஷயம். இன்னொன்று, எல்லோரும் ஒரே மாதிரி திறமைசாலிகளாக இருந்தாலும் ஒட்டுறவு விழுந்துவிடும். இந்தச் சோதனை அளப்பது திறமையை அல்ல, ஆளுக்கு ஆள் உள்ள திறமை வித்தியாசத்தை.

மூன்றாவது, எங்கே வெட்டுவது என்பது. லீக்கில் முதல் 15 ஆட்டமும் அடுத்த 15 ஆட்டமும் அதே எதிரணிகளோடு என்பதால் நடுவில் வெட்டுவது வசதி. ஆனால் நடுவில் காயம் வரும், ஆள் மாறும், கோச் மாறுவார். அதற்கு ஒற்றைப்படை ஆட்டங்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை ஆட்டங்கள் ஒரு பக்கம் என்று இன்னொரு முறையும் பிரித்துப் பாருங்கள். ஒற்றை-இரட்டையில் ஒட்டுறவு நன்றாக இருந்து, நடுவில் வெட்டும்போது மட்டும் விழுந்தால், திறமை இருக்கிறது, பாதியில் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் விழுந்தால் அதிர்ஷ்டத்தின் மேல் சந்தேகப்படலாம்.

நான்காவதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஒட்டுறவு அதிகமாக வந்தாலும் அது ஆட்டக்காரரின் திறமையாக இல்லாமல், என் பேனாவின் பழக்கமாக இருக்கலாம். அசிஸ்ட் என்று ஒரு பத்தி இருக்கிறதே, அது பெரும்பாலும் மேசையில் இருப்பவரின் தீர்ப்பு. பந்தை வாங்கியவர் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போட்டால் கொடுத்தவருக்கு அசிஸ்ட் உண்டா? நான் தாராளமாக எழுதுவேன். இன்னொரு மைதானத்தில் இருப்பவர் கஞ்சம். எங்கள் மைதான அணியின் ஆட்டங்களில் பாதி முதல் பாதியிலும் என் மேசை முன்னால்தான், இரண்டாம் பாதியிலும் என் மேசை முன்னால்தான். ஆக எங்கள் அணியின் அசிஸ்ட் எண் இரண்டு பாதியிலும் உயர்ந்து நின்றது. ஒட்டுறவு அருமை! திரும்பத் திரும்ப வந்தது நான். இதைக் கண்டுபிடிக்க, சொந்த மைதான ஆட்டங்களை ஒரு பக்கமும் வெளி மைதான ஆட்டங்களை மறு பக்கமும் வைத்து ஒப்பிட்டாலே போதும். த்ரீ பாயிண்டர் விழுந்ததா இல்லையா என்பதில் எனக்கு இந்த வேலை இல்லை. நல்லவேளை.

கடைசியாக, தேர்வாளர்களுக்குத் தனியாக ஒன்று. தனி ஆட்டக்காரரைப் பார்க்கும்போது முதல் பாதியில் சரியாக எறியாதவரை நீங்கள் உட்கார வைத்துவிடுகிறீர்கள். அவருக்கு இரண்டாம் பாதி எண்ணே கிடையாது, அவர் ஒப்பீட்டிலிருந்தே காணாமல் போகிறார். முதல் பாதியில் துரதிர்ஷ்டசாலிகளை எல்லாம் வடிகட்டிவிட்டு, மிச்சம் இருக்கும் அதிர்ஷ்டசாலிகள் இரண்டாம் பாதியில் ஏன் சரிகிறார்கள் என்று கேட்கிறீர்கள்.

1970-ஆம் ஆண்டு பேஸ்பால் சீசனை வைத்து பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் செய்த கணக்கு பிரபலம். 18 ஆட்டக்காரர்களின் முதல் 45 பேட்டிங் வாய்ப்புகளை எடுத்து, சீசனின் மீதியில் அவர்கள் எப்படி ஆடினார்கள் என்று ஒப்பிட்டார்கள். முதல் கட்டத்தின் சராசரி எல்லோருக்குமாக 0.265. முதலிடத்தில் ரொபெர்டோ கிளெமென்ட்டே, 45-இல் 18, அதாவது 0.400. தனி ஆளின் எண் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நம்பலாம் என்று அவர்கள் கணக்கு சொன்னது. அதன்படி கிளெமென்ட்டேவுக்கு 0.294. மீதிச் சீசனில் அவர் எடுத்தது 0.346. அவர் உண்மையிலேயே பெரிய ஆள், சூத்திரம் அவரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டது. அதுவும் நடக்கும். ஆனால் பட்டியலின் அடிப்பக்கம் பாருங்கள். தர்மன் மன்சன் என்ற இளைஞர், 45-இல் 8 மட்டும், 0.178. உங்கள் கூட்டமாக இருந்தால் சிவப்பு வட்டம் உறுதி. அவர் மீதிச் சீசனில் 0.316 அடித்தார். அந்த வருடம் அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம் அவர்தான்.

அடுத்த சீசனின் பாதியில் நீங்கள் கூடும்போது, தாளில் எதிரணியின் த்ரீ பாயிண்ட் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே எதிரணியின் ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும் அச்சிட்டு வைக்கிறேன். அதற்கு அடுத்த பத்தியில், எதிரணிகள் ஆட்டத்துக்கு எத்தனை த்ரீ பாயிண்டர் எறிந்தன என்பது. அதற்கும் அடுத்து, சென்ற ஐந்து சீசன்களில் இந்த மூன்று எண்களும் பாதிக்குப் பாதி எவ்வளவு ஒட்டின என்பது. ஃப்ரீ த்ரோ பத்தியில் உங்கள் அணி கடைசியில் இருந்தால், அதற்கு யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று முதலில் பேசி முடியுங்கள். அப்புறம் த்ரீ பாயிண்டர் பத்திக்கு வரலாம்.

இப்படிக்கு,
ஸ்கோர் மேசையிலிருந்து ஒருவன்